31 கோடிப் புள்ளிகளுக்குள் ஒரு தேவாலயம்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரச் சந்தைச் சதுக்கத்தில் நியூவே கெர்க் என்ற தேவாலயம் இருக்கிறது. 1396-ல் தொடங்கிய கோபுர வேலை முடிய நூறு ஆண்டுகள் ஆயின. இடி விழுந்து 1536-லும் 1872-லும் அதன் உச்சி எரிந்தது. இன்று நாம் பார்க்கும் உச்சிப்பகுதி 1872-க்குப் பிறகு கட்டடக்கலைஞர் பியர் கைப்பர்ஸ் வடிவமைத்தது. உயரம் 108.75 மீட்டர். அந்த நாட்டில் இதைவிட உயரமான தேவாலயக் கோபுரம் உத்ரெக்ட் நகரில் இருப்பது ஒன்றுதான்.

இந்தக் கோபுரத்தை அளக்க டெல்ஃப்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நெதர்லாந்து அரசு நாடு முழுவதையும் விமானத்திலிருந்து லேசரால் அளந்து, அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஏ.எச்.என். என்பது அந்தத் திட்டத்தின் பெயர். முதல் சுற்று 1997-ல் தொடங்கியது. மூன்றாம் சுற்று 2014 முதல் 2019 வரையிலும், நான்காம் சுற்று 2020 முதல் 2022 வரையிலும் நடந்தது.

சிக்கல் என்னவென்றால், தேவாலயத்தை மட்டும் தனியாகத் தரமாட்டார்கள். ஊரே ஒரு கோப்பாக வரும். அதற்குள்ளிருந்து நமக்கு வேண்டிய ஒரு கட்டடத்தை நாம்தான் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு எல்லோரும் முதலில் கையாளும் வழி, கட்டடத்தைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டியை வைத்து, பெட்டிக்கு வெளியே இருப்பதையெல்லாம் கழித்துவிடுவது. கேட்க எளிதாக இருக்கிறது, கட்டளையும் சில வரிகள்தான். ஆனால் பெட்டி தவறான இடத்தில் விழுந்தாலும் கணினி ஒன்றும் சொல்லாது. தவறு நடந்ததை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் இந்த வேலையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

கோப்பில் என்ன இருக்கிறது?

விமானம் பறக்கும்போது அதன் அடியிலுள்ள கருவி நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் கூரையிலோ தெருவிலோ மரக்கிளையிலோ பட்டுத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரம் தெரிகிறது. விமானம் அந்த நொடியில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் பதிவாகியிருப்பதால், லேசர் பட்ட இடத்தின் X, Y, Z என்ற மூன்று எண்களையும் கணக்கிட்டுவிடலாம். இப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான புள்ளிகளைத்தான் புள்ளித் திரள் என்கிறோம். துறையில் இருப்பவர்கள் பாயின்ட் கிளவுட் என்றே சொல்வார்கள்.

புள்ளிகளுக்கிடையே எந்த இணைப்பும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 'இந்தப் புள்ளிகளெல்லாம் தேவாலயம், அவை பக்கத்து வீடு' என்று கோப்பில் எங்கும் எழுதியிருக்காது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகை எண் மட்டும் உண்டு. ஏ.எச்.என். தரவில் 2 என்றால் தரை, 6 என்றால் கட்டடம், 9 என்றால் நீர், 26 என்றால் பாலம் போன்ற கட்டுமானங்கள். மரம், வண்டி, விளக்குக்கம்பம் போன்றவை 1-ல் சேரும். எந்தக் கட்டடம் என்ற தகவல் அதில் இல்லை.

ஏ.எச்.என். தரவை 5 கிலோமீட்டர் அகலமும் 6.25 கிலோமீட்டர் உயரமும் கொண்ட துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். நியூவே கெர்க் இருக்கும் துண்டின் பெயர் 37EN1. அதன் பரப்பு 31.25 சதுர கிலோமீட்டர். சதுர மீட்டருக்கு 10 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டாலே 31 கோடியே 25 லட்சம் புள்ளிகள் வரும். தேவாலயத்தைச் சுற்றி 140-க்கு 130 மீட்டரில் ஒரு பெட்டி போட்டால் அதற்குள் விழுவது ஏறத்தாழ 1,82,000 புள்ளிகள். 1,700 புள்ளிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுகிறோம்.

பெட்டியின் நான்கு எண்கள்

பெட்டி என்று சொன்னாலும் கணினிக்கு அது நான்கு எண்கள்தான்: X-ன் குறைந்தபட்சம், அதிகபட்சம், Y-ன் குறைந்தபட்சம், அதிகபட்சம். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதன் X இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறதா, Y அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று கணினி பார்க்கும். இரண்டுக்கும் ஆம் என்றால் வைத்துக்கொள்ளும். வேண்டுமானால் உயரத்துக்கும் இதேபோல் இரண்டு எண்கள் தரலாம்.

எண்கள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. கைப்பேசி வரைபடத்தில் நியூவே கெர்க்கைத் தொட்டால் 52.012, 4.361 என்று அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். கோப்பில் இருப்பது அவையல்ல. நெதர்லாந்து தனக்கென்று ஒரு ஆயத்தொலைவு முறையை வைத்திருக்கிறது. அதில் எல்லாம் மீட்டர் கணக்கு. அமர்ஸ்ஃபோர்ட் நகரிலுள்ள ஒரு தேவாலயக் கோபுரத்தை மையமாக எடுத்துக்கொண்டு, அந்தக் கோபுரத்துக்கு X 155000, Y 463000 என்று மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்து நிலப்பரப்பில் எங்கே நின்றாலும் X நேர்ம எண்ணாகவே வரும், Y எப்போதும் X-ஐவிடப் பெரிதாக இருக்கும். இரண்டும் இடம் மாறிவிட்டால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இந்த முறையில் நியூவே கெர்க் ஏறத்தாழ X 84540, Y 447600 என்ற இடத்தில் வருகிறது. க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளில் EPSG:28992 என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, தேவாலயத்தின் நான்கு ஓரங்களிலும் சுட்டியைக் கொண்டுபோனால் எண்கள் கீழே தெரியும். எந்தப் பக்கமும் சுவரை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் இடம் விட்டுப் பெட்டியை அமைக்க வேண்டும். இங்கே கிழக்கு மேற்காக 140 மீட்டரும் வடக்கு தெற்காக 130 மீட்டரும் எடுத்துக்கொள்வோம். பி.டி.ஏ.எல். என்ற இலவசக் கருவிக்கு அதை இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

```json
[
  "C_37EN1.LAZ",
  {
    "type": "filters.crop",
    "bounds": "([84470,84610],[447535,447665])"
  },
  {
    "type": "writers.las",
    "filename": "nieuwekerk.laz",
    "forward": "all"
  }
]
```

முதல் வரி எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்கிறது. நடுவிலிருப்பது பெட்டி. கடைசிப் பகுதி முடிவை எங்கே எழுத வேண்டும் என்கிறது. `forward` என்ற வரி சிறியதாக இருந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் கருவி தன் வழக்கப்படி ஆயத்தொலைவுகளைச் சென்டிமீட்டருக்கு முழுமையாக்கி எழுதும். மூலக் கோப்பு மில்லிமீட்டர் வரை எழுதியிருந்தால் அந்தத் துல்லியம் போய்விடும். அந்த வரி இருந்தால் மூலக் கோப்பு எந்த அளவில் எழுதப்பட்டதோ அதே அளவில் புதுக் கோப்பும் எழுதப்படும்.

இதை crop.json என்ற பெயரில் சேமித்து, இந்த இரண்டு கட்டளைகளையும் கொடுத்தால் வேலை முடிந்தது:

```
pdal pipeline crop.json
pdal info --summary nieuwekerk.laz
```

முதல் கட்டளை வெட்டுகிறது, இரண்டாவது வெட்டியதைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவதைப் பலர் தேவையில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் பெட்டி சரியாக விழுந்ததா என்று தெரிவது அதிலிருந்துதான்.

எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும்

அந்தக் கட்டளை தரும் விவரத்தில் `num_points` என்று ஒரு வரி இருக்கும். வெட்டிய கோப்பில் எத்தனை புள்ளிகள் என்பதை அது காட்டுகிறது. பெட்டியின் பரப்பைச் சதுர மீட்டருக்கு இத்தனை புள்ளிகள் என்பதோடு பெருக்கி, எவ்வளவு வர வேண்டும் என்று நாம் முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். 1,82,000 என்று எதிர்பார்த்த இடத்தில் ஒன்றரை லட்சமோ மூன்று லட்சமோ வந்தால் கவலையில்லை. விமானத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் புள்ளிகள் கூடும், நீர் இருக்கும் இடத்தில் குறையும். ஆனால் சுழியமோ கோடிகளோ வந்தால் பெட்டி தவறு.

சுழியம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு மாறியதுதான். பெட்டியை 4.36, 52.01 என்று பாகைகளில் கொடுத்து, கோப்பு மீட்டரில் இருந்தால், பெட்டி கோப்பின் பரப்பைத் தொடவே தொடாது. கணினியைப் பொறுத்தவரை இது பிழையல்ல. 'இந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை' என்பது சரியான விடை. அதனால் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் வெறும் கோப்பைக் கொடுத்துவிடும்.

கோடிகள் வருவதற்குக் காரணம் வேறு, அது இன்னும் சுலபமாக நடக்கும். பி.டி.ஏ.எல்.-ல் X-ன் இரண்டு எண்களை முதலில் எழுதி, Y-ன் இரண்டு எண்களைப் பிறகு எழுத வேண்டும். வேறு பல மென்பொருள்களில் தென்மேற்கு மூலையை முதலில் எழுதி, வடகிழக்கு மூலையைப் பிறகு எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் `([84470,447535],[84610,447665])` என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். கருவி இதை மறுக்காது. X 84470 முதல் 447535 வரை, Y 84610 முதல் 447665 வரை என்று படித்துக்கொள்ளும். இரண்டிலும் சிறிய எண் முதலிலும் பெரிய எண் பிறகும் இருப்பதால் அதற்கு எந்தக் குறையும் தெரியாது. நெதர்லாந்தின் எல்லையையும் தாண்டும் ஒரு பிரம்மாண்டமான பெட்டி அது. நம் துண்டு X 85000-ல் முடிகிறது, Y 443750-ல் தொடங்குகிறது. ஆகவே 530 மீட்டர் அகலத்தில், தேவாலயத்தின் வட ஓரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டப்படும். 2 கோடிக்கு மேல் புள்ளிகள். தேவாலயம் அந்தப் பட்டையின் வடமேற்கு மூலையில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இடம் தவறும் ஒரு நிலையும் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகையை நெதர்லாந்து முறைக்கு மாற்றும்போது ஒரு படியை விட்டுவிட்டால் இது நடக்கும். ஜி.பி.எஸ். பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கை வைத்திருக்கிறது. நெதர்லாந்து முறை 1841-ல் பெசல் என்ற வானியலாளர் தந்த வேறொரு கணக்கில் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிக்கட்டாமல் மாற்றினால் இடம் நூறு மீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். 140 மீட்டர் பெட்டி நூறு மீட்டர் நகர்ந்தால் புள்ளிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். உள்ளே பாதித் தேவாலயமும் பாதித் தெருவும் இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. வெட்டிய கோப்பைத் திறந்து, மேலிருந்து ஒருமுறை பார்த்தால்தான் தெரியும்.

உயரத்திலும் வெட்ட வேண்டுமா?

பெட்டிக்கு மேல்மூடியும் அடித்தளமும் வைக்கலாம் என்று சொன்னேன். வைப்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. லேசர் சில சமயம் பறவையிலோ மேகத்தின் ஓரத்திலோ பட்டுத் திரும்பிவிடும். கண்ணாடியில் பட்டுச் சிதறி, தரைக்கு வெகு கீழே இருப்பதுபோல ஒரு புள்ளியும் உருவாகலாம். இப்படி ஒரே ஒரு புள்ளி 600 மீட்டர் உயரத்தில் நின்றால்கூட, கட்டடத்தை உயரத்துக்கு ஏற்ப வண்ணமிட்டுக் காட்டும் திரையில் தேவாலயம் முழுவதும் ஒரே நிறமாகிவிடும்.

ஆனால் மூடியை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். டெல்ஃப்ட்டின் பழைய வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு 60 மீட்டர் போதும் என்று நினைத்தால் கோபுரத்தின் மேல்பாதி போய்விடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. வெட்டிய கோப்பின் அதிகபட்ச Z சரியாக நாம் கொடுத்த எண்ணுக்குப் பக்கத்தில், 59.99 என்பதுபோல, வந்து நிற்கும். இயற்கையாக முடியும் உச்சி அப்படி நம் எண்ணோடு வந்து பொருந்தாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கத்தியால் சீவியதுபோல மேல்பகுதி தட்டையாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கோப்பிலுள்ள Z, தரையிலிருந்து அளந்த உயரம் அல்ல. ஆம்ஸ்டர்டாம் நீர்மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட தேசிய மட்டத்திலிருந்து அளந்தது. டெல்ஃப்ட்டில் தரையே அந்த மட்டத்தை ஒட்டி இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அதே நாட்டின் தென்கோடியில் வால்சர்பெர்க் குன்று 322 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. டெல்ஃப்ட்டுக்கு 120 மீட்டர் என்று வைத்த மூடியை அங்குள்ள வீட்டுக்கும் அப்படியே வைத்தால் ஒரு புள்ளிகூட மிஞ்சாது. தரை எங்கே இருக்கிறது என்று 2-ஆம் வகைப் புள்ளிகளில் பார்த்துவிட்டு, அதிலிருந்து கணக்கிட்டுத்தான் மூடியை வைக்க வேண்டும். நியூவே கெர்க்குக்கு மைனஸ் 5 முதல் 120 வரை என்று வைத்தால் கோபுரம் முழுவதும் உள்ளே நிற்கும்.

பெட்டி நேராக, கட்டடம் சாய்வாக

எண்களெல்லாம் சரி, பெட்டி சரியான இடத்தில் விழுந்துவிட்டது. இப்போது கோப்பைத் திறந்தால் தேவாலயத்தோடு சதுக்கமும், தெருவும், பக்கத்து வீடுகளும் சேர்ந்தே இருக்கும். பெட்டியின் இயல்பே அதற்குக் காரணம்.

எல்லைப் பெட்டியின் பக்கங்கள் எப்போதும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கை ஒட்டியே நிற்கும். நியூவே கெர்க் அப்படி நிற்கவில்லை. சதுக்கத்தின் ஒரு முனையில் நகர மன்றமும் மறுமுனையில் தேவாலயமும் எதிரெதிராக இருக்கின்றன. நகர மன்றத்திலிருந்து தேவாலயத்துக்குப் போகும் கோடு நேர் கிழக்காகப் போகாமல், ஏறத்தாழ 30 பாகை வடக்கே திரும்புகிறது. தேவாலயமும் அதே வாக்கில் கிடக்கிறது.

சாய்வுக்கு நாம் தரும் விலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டடம் நேர் கிழக்கு மேற்காக இருந்தால் அதற்கு 4,000 சதுர மீட்டர் பெட்டி போதும். அதையே 30 பாகை திருப்பினால், முழுவதையும் அடக்க 107-க்கு 85 மீட்டர் பெட்டி வேண்டும். 9,000 சதுர மீட்டருக்கு மேல். அதாவது மிக இறுக்கமாக வைத்த பெட்டியிலும் பாதிக்கு மேல் நமக்கு வேண்டாத இடம். அந்த நான்கு முக்கோண மூலைகளில்தான் பக்கத்து வீட்டுக் கூரைகளும் மரங்களும் வந்து உட்கார்கின்றன.

6-ஆம் வகைப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டால் தீராதா என்று கேட்கலாம். தரையும் மரமும் போய்விடும், உண்மைதான். ஆனால் பக்கத்து வீடுகளும் 6-தான். போதாக்குறைக்கு, வகை எண்களைப் பெரும்பாலும் கணினி நிரலே போட்டிருக்கிறது. கூரைபோல அகலமாக, சமமாக இருக்கும் பரப்பை அது கட்டடம் என்று எளிதில் அடையாளம் காணும். மெல்லிய உச்சிக்கூம்பு, சிறு கோபுரங்கள், சுவரில் பட்ட புள்ளிகள் போன்றவை 1-ல் தள்ளப்பட்டிருக்கக்கூடும். நமக்கு வேண்டியது இந்தக் கோபுரம் என்றால், 6-ஐ மட்டும் வடிகட்டுவது அதன் உச்சியை நாமே வெட்டி எறிவதற்குச் சமமாகலாம். எனவே வடிகட்டுவதற்கு முன்பு, வகைக்கு ஒரு நிறமாக வண்ணமிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சரியான வழி, பெட்டியை முதல் வெட்டாக வைத்துக்கொண்டு, இரண்டாவது வெட்டுக்குக் கட்டடத்தின் உண்மையான எல்லைக்கோட்டைப் பயன்படுத்துவது. நெதர்லாந்தில் ஒவ்வொரு கட்டடத்தின் எல்லைக்கோடும் தேசியக் கட்டடப் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 16 இலக்க அடையாள எண் உண்டு, இதுவும் இலவசம். நியூவே கெர்க்கின் எல்லைக்கோட்டை எடுத்து, க்யூ.ஜி.ஐ.எஸ்.-ல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் வெளியே விரித்து, முன்பு பெட்டியைக் கொடுத்த அதே `filters.crop`-க்கு `bounds` இருந்த இடத்தில் `polygon` என்று கொடுத்தால் போதும். விரிப்பது ஏனென்றால், கோடு சுவரை ஒட்டி வரையப்பட்டிருந்தால் கூரையின் இறவாரம் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். தவிர, கோட்டுக்கும் லேசர் அளவுக்கும் இடையே சில பத்து சென்டிமீட்டர் விலகல் சகஜம்.

அப்படியானால் பெட்டி எதற்கு, நேரே எல்லைக்கோட்டாலேயே வெட்டிவிடலாமே என்றால், வெட்டலாம். ஆனால் பெட்டிக்கு ஒரு புள்ளிக்கு நான்கு ஒப்பீடுகள் போதும். பல மூலைகள் கொண்ட எல்லைக்கோட்டுக்கு ஒவ்வொரு மூலையையும் பார்க்க வேண்டும். 31 கோடிப் புள்ளிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதைவிட 1,82,000 புள்ளிகளிடம் கேட்பது நல்லது. அரிசியைப் பெரிய சல்லடையில் ஒருமுறை சலித்துவிட்டுப் பிறகு கையால் கல் பொறுக்குவதைப் போன்ற முறை இது.

இறுக்கி வெட்டினால் தரை போய்விடும்

பெட்டியைத் தாராளமாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், கட்டடத்தைச் சுற்றியுள்ள தரை. கோபுரம் எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டுமானால், உச்சியின் Z-லிருந்து அடித்தரையின் Z-ஐக் கழிக்க வேண்டும். எல்லைக்கோட்டால் இறுக்கி வெட்டிய கோப்பில் அந்தத் தரை இருக்காது. ஆகவே பெட்டியால் வெட்டிய கோப்பை அழித்துவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வகை எண்கள் போடப்படாத தரவில் இது இன்னும் முக்கியம். பல நாடுகளிலும் தனியார் அளவீடுகளிலும் தரவு அப்படித்தான் வருகிறது. தரை எது என்று நாமே ஒரு நிரலை ஓட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். பி.டி.ஏ.எல்.-ல் `filters.smrf` என்ற ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள சாளரத்தை நகர்த்திக்கொண்டே போய், அதற்குள் தாழ்ந்து கிடப்பது தரை, எழுந்து நிற்பது தரையல்ல என்று அது முடிவு செய்கிறது. அந்தச் சாளரத்துக்கு வழக்கமான அளவு 18 மீட்டர். அதைவிட அகலமான கூரையின் நடுவில் சாளரம் நிற்கும்போது அதற்குத் தெரிவது கூரை மட்டும்தான். அதைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள தெருவை முன்பே வெட்டி எறிந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கத் தரையே இருக்காது, சாளரத்தைப் பெரிதாக்கியும் பயனில்லை. எனவே பெரிய பெட்டியில் தரையைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இறுக்கி வெட்ட வேண்டும். வரிசை மாறினால், கட்டடத்தின் உயரம் சுழியம் என்று விடை வந்து நிற்கும்.

எது வெட்டின் தவறு, எது தவறல்ல?

வெட்டி முடித்துத் திறந்து பார்ப்பவர்களை முதலில் திகைக்க வைப்பது, சுவர்கள் காணாமல் போயிருப்பது. கூரை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கீழே தரை இருக்கும். இடையில் ஆங்காங்கே சில புள்ளிகள்தான் தெரியும். இது வெட்டிய விதத்தில் வந்த குறை அல்ல. விமானம் மேலிருந்து பார்க்கிறது. செங்குத்தான சுவரில் லேசர் சாய்வாகப் படும்போது மட்டுமே சில புள்ளிகள் கிடைக்கும். சுவர்கள் வேண்டுமென்றால் தரையில் முக்காலி வைத்து அளந்த தரவுதான் வேண்டும்.

கோபுரத்தின் உயரமும் இதே வகை. அதிகபட்ச Z-லிருந்து தரையைக் கழித்தால் 108.75 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தாலும் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். சதுர மீட்டருக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள் என்றால் இரண்டு புள்ளிகளுக்கிடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி. உச்சியிலுள்ள மெல்லிய இரும்பு நுனியில் லேசர் படாமலே போக வாய்ப்பிருக்கிறது. பத்து மீட்டர் குறைந்தால் அது வேறு விஷயம். அப்போது மூடியையும் வகை வடிகட்டலையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நேரம் அதிகம் பிடிப்பதும் தவறல்ல. சாதாரண LAZ கோப்பில் புள்ளிகள் அளக்கப்பட்ட வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். தேவாலயப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால் கருவி 31 கோடியையும் சுருக்கம் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். `.copc.laz` என்று முடியும் புதிய வகைக் கோப்புகள் இதற்குத் தீர்வு. அவற்றில் அருகருகே இருக்கும் புள்ளிகள் சிறு கட்டங்களாகச் சேர்த்து வைக்கப்பட்டு, எந்தக் கட்டம் கோப்பில் எங்கே என்ற அட்டவணையும் உள்ளேயே இருக்கும். பெட்டியைக் கொடுத்தால் அதைத் தொடும் கட்டங்களை மட்டும் கருவி படிக்கும். கோப்பு வேறு நாட்டுச் சேவையகத்தில் இருந்தாலும் முழுவதையும் இறக்காமல் அந்தப் பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ள முடியும்.

வெட்டத் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கட்டடம் துண்டின் விளிம்பில் இல்லையே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 37EN1 துண்டு X 85000-ல் முடிகிறது. நியூவே கெர்க் அதிலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உள்ளே இருப்பதால் சிக்கலில்லை. விளிம்பில் நிற்கும் கட்டடத்துக்கு ஒரு துண்டை மட்டும் எடுத்தால், பெட்டி சரியாக இருந்தும் கட்டடம் நேர்கோட்டில் பாதியோடு நிற்கும். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் படித்துவிட்டு வெட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும், வெட்டிய கோப்போடு crop.json-ஐயும் சேர்த்து வையுங்கள். எந்தத் துண்டு, எந்தச் சுற்றின் தரவு, எந்த ஆயத்தொலைவு முறை, எந்த நான்கு எண்கள் என்பவை அதனுடன் எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் சுற்றுக்குப் போட்ட அதே பெட்டியை நான்காம் சுற்றின் 37EN1 துண்டிலும் போட்டால், சில ஆண்டு இடைவெளியில் அதே கட்டடத்தின் இரண்டு அளவீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கும். கூரையில் ஏதாவது மாறியிருந்தால் அங்கே தெரியும். கையால் இழுத்து, கண்ணால் பார்த்து வெட்டிய துண்டில் இந்த ஒப்பீடு முடியாது. எண்களைக் கொடுத்து வெட்டுவதில் இருக்கும் பலனே இதுதான்: நாளை இன்னொருவர் அதே எண்களைக் கொடுத்து, அதே கட்டடத்தை வெட்டி, நாம் சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்கலாம்.